பேக்கப் இருக்கிறது, சரி. எத்தனை மணிக்கு பில் போடலாம்? ஆர்டிஓ, ஆர்பிஓ குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா பக்கம் இருக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கு டேட்டாபேஸ் பார்த்துக் கொடுப்பது என் வேலை. இங்கே இந்த வேலையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும், அவர்களுடைய மேனேஜர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

கணக்குக்கு ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பீன்யாவில் ஒரு மருந்து மொத்த வியாபாரி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 400 ஜிபி, ஆபீஸிலேயே இருக்கும் ஒரே சர்வரில் ஓடுகிறது. காலை 7 முதல் இரவு 10 வரை வியாபாரம், நாளுக்குச் சுமார் 6,000 பில். வெளியே போவதற்கு 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன்; நடைமுறையில் நொடிக்கு 12 எம்பி போகும். பேக்கப் போய்ச் சேருவது மும்பையில் உள்ள கிளவுட் ஸ்டோரேஜுக்கு. பதில்களில் வரும் எண்கள் எல்லாம் இந்த நிறுவனத்தினுடையவை.

ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு. ஆர்டிஓ எது, ஆர்பிஓ எது?

சர்வர் போன நொடியில் நின்றுகொண்டு பின்னால் பாருங்கள்: எவ்வளவு நேரத்து வேலை அழிந்து போனால் தாங்குவீர்கள்? அது ஆர்பிஓ, ரெக்கவரி பாயின்ட் ஆப்ஜெக்டிவ். அதே இடத்தில் நின்று முன்னால் பாருங்கள்: எவ்வளவு நேரம் பில் போடாமல் இருந்தால் தாங்குவீர்கள்? அது ஆர்டிஓ, ரெக்கவரி டைம் ஆப்ஜெக்டிவ். ஆர்பிஓ தரவு இழப்பு, ஆர்டிஓ கடை மூடியிருக்கும் நேரம்.

இரண்டுமே நீங்கள் வைக்கும் இலக்குகள்தான். உண்மையில் எவ்வளவு இழப்பீர்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்பது தனிக் கணக்கு. அதைப் போட்டுப் பார்க்காமலே 'ஆர்டிஓ 4 மணி நேரம்' என்று எக்செலில் எழுதி வைத்திருக்கும் ஆபீஸ்கள்தான் அதிகம்.

தினமும் ராத்திரி 11 மணிக்கு பேக்கப் ஓடுது. அப்போ எங்க ஆர்பிஓ 24 மணி நேரம்தானே?

இல்லை, இன்னும் கூடும். அந்த பேக்கப்பை எடுக்கும் `pg_dump` எப்போது முடிந்தாலும் அதற்குள் இருப்பது அது தொடங்கிய நேரத்துத் தரவுதான். 11 மணிக்குத் தொடங்கும் டம்ப் 1 மணிக்கு முடிகிறது. சுருக்கிய ஃபைல் 90 ஜிபி. அது நொடிக்கு 12 எம்பி வேகத்தில் மும்பைக்குப் போய்ச் சேர இன்னும் 2 மணி நேரம். ஆக, அதிகாலை 3 மணிக்குத்தான் அந்த நகல் கட்டடத்துக்கு வெளியே பத்திரமாக இருக்கிறது.

மறுநாள் இரவு 2:55-க்குக் கட்டடத்தில் தீப்பிடித்தால்? புதிய டம்ப் இன்னும் பாதி வழியில் இருக்கும். கையில் இருப்பது முந்தின நாள் இரவு 11 மணித் தரவு. கிட்டத்தட்ட 28 மணி நேரம். பேக்கப் இடைவெளியோடு, அது எடுக்க ஆகும் நேரத்தையும் வெளியே போய்ச் சேர ஆகும் நேரத்தையும் கூட்டினால்தான் மோசமான நாளின் கணக்கு வரும். நகல் வெளியே போகவே இல்லை, அதே அறையில் இருக்கும் நாஸ் பெட்டியில்தான் கிடக்கிறது என்றால், தீக்கும் வெள்ளத்துக்கும் உங்களிடம் ஆர்பிஓவே கிடையாது. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

முதலாளிகிட்ட கேட்டா 'ஒரு பில்கூட போகக்கூடாது, ஒரு நிமிஷம்கூட நிக்கக்கூடாது'ன்னு சொல்றார். எண்ணை எப்படி வாங்கறது?

'எவ்வளவு இழக்கலாம்' என்று கேட்டால் யாரும் 'பூஜ்யம்' என்றுதான் சொல்வார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். 'மதியம் 12 மணிக்கு சிஸ்டம் நின்றால், 12:30-க்குக் கிடங்கில் என்ன நடக்கும்? 2 மணிக்கு? மாலை 6 மணிக்கு?' நம் மருந்து வியாபாரியிடம் இப்படிக் கேட்டால் பதில் இப்படி வரும் என்று வைத்துக்கொள்வோம்: அரை மணி நேரம் ஓட்டிவிடலாம், பையன்கள் சாப்பிடப் போவார்கள். 2 மணி நேரம் தாண்டினால் மாலை வண்டி கிளம்பாது, மருந்துக் கடைகள் வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு போன் போட்டுவிடும். ஆக ஆர்டிஓ 2 மணி நேரம்.

தரவுக்கும் அதே மாதிரிதான். மணிக்கு 400 பில். 10 நிமிட பில்கள் போனால் சுமார் 70. வாட்ஸ்அப் ஆர்டரையும் டெலிவரி சலானையும் வைத்து மூன்று பேர் உட்கார்ந்து திரும்ப அடித்துவிடலாம். ஒரு நாள் பில்கள் போனால் முடியாது. ஆர்பிஓ 10 நிமிடம். எண்ணோடு விலையையும் சேர்த்து முதலாளி முன் வையுங்கள். 'பூஜ்யம்' தானாக இறங்கி வரும்.

சில துறைகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பங்குச் சந்தைகளுக்கு ஆர்டிஓ 45 நிமிடம், ஆர்பிஓ 15 நிமிடம் என்று 2021-இல் செபியே நிர்ணயித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, பிப்ரவரி 24 அன்று, தேசிய பங்குச் சந்தையில் காலை 11:40-க்கு நின்ற வணிகம் மாலை 3:45-க்குத்தான் திரும்பியது.

அண்ணா, பேக்கப் ஃபைல் கையில இருக்கு. ரீஸ்டோர் பண்ண என்ன, ஒரு ரெண்டு மணி நேரம் ஆகுமா?

திங்கள்கிழமை காலை 11 மணிக்கு சர்வரின் டிஸ்க் கண்ட்ரோலர் போகிறது என்று வைத்து ஓட்டிப் பார்ப்போம். முதலில் எல்லோரும் 'நெட் ஸ்லோ' என்பார்கள். டேட்டாபேஸ் போய்விட்டது என்று தெரிய 11:20. சரிசெய்ய முயன்று, 'இது எழாது, ரீஸ்டோர்தான்' என்று ஒருவர் முடிவெடுக்க 11:50. மாற்று மெஷினில் லினக்ஸும் போஸ்ட்கிரெஸும் ஏற்ற 12:30. மும்பையிலிருந்து 90 ஜிபி அதே லைனில் இறங்க 2:35. அப்புறம்தான் `pg_restore` தொடங்கும். டம்புக்குள் இண்டெக்ஸ் இருக்காது, அதை உருவாக்கும் கட்டளை மட்டுமே இருக்கும். 400 ஜிபிக்கு எல்லா இண்டெக்ஸையும் புதிதாகக் கட்ட வேண்டும். `-j 8` கொடுத்து எட்டு வேலையாகப் பிரித்தாலும், இருப்பதிலேயே பெரிய டேபிள் எப்போது முடிகிறதோ அப்போதுதான் மொத்தமும் முடியும். ஐந்தரை மணி நேரம் வைத்துக்கொண்டால் இரவு 8:05. சரிபார்த்து ஆட்களை உள்ளே விட 8:30.

ஒன்பதரை மணி நேரம். இதில் முதல் 50 நிமிடத்தில் எந்த டெக்னாலஜியும் இல்லை, கண்டுபிடிப்பதும் தயங்குவதும்தான். ஆர்டிஓ கடிகாரம் நீங்கள் கீபோர்டில் கை வைத்த நேரத்திலிருந்து ஓடாது, கடைசி பில் போட்ட நேரத்திலிருந்து ஓடும். இத்தனை நிமிடத்துக்குள் சரியாகவில்லை என்றால் மேலே கேட்காமல் ரீஸ்டோர் தொடங்கலாம் என்ற அதிகாரம் யாருக்கு என்று எழுதி வைப்பது, புது சர்வர் வாங்குவதைவிட அதிக நேரம் மிச்சப்படுத்தும்.

அப்போ 10 நிமிஷம், 2 மணி நேரம்னு ரெண்டையும் எட்ட என்ன செய்யணும்?

நம் வியாபாரிக்கு இதற்கு ரெப்ளிகா எனும், கூடவே ஓடும் நகல் சர்வர்கூடத் தேவையில்லை. டம்பை விட்டுவிட்டு, தினமும் இரவு `pg_basebackup` போல ஃபைல் அளவிலான முழு நகல் ஒன்று எடுக்க வேண்டும். கூடவே டேட்டாபேஸ் எழுதும் WAL, அதாவது ரைட்-அஹெட் லாக் என்ற வால் பதிவுகளை உடனுக்குடன் மும்பைக்கு அனுப்ப வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் இந்த வாலில்தான் எழுதும். வழக்கமாக 16 எம்பி துண்டுகளாக. ஒரு துண்டு நிரம்பியதும் `archive_command` அதை வெளியே அனுப்பும். முழு நகலை வைத்து, அதற்குப் பின் வந்த துண்டுகளை வரிசையாக ஓட்டினால் கடைசித் துண்டு வரைக்கும் தரவு திரும்பிவிடும்.

```
archive_mode = on
archive_timeout = 300
```

நாளுக்கு 20 ஜிபி வால் என்றால், வியாபார நேரத்தில் முக்கால் நிமிடத்துக்கு ஒரு துண்டு நிரம்பும். காலை 7 மணி, இரவு 9:30 போன்ற மந்தமான நேரத்துக்குத்தான் `archive_timeout`: நிரம்பாவிட்டாலும் 300 நொடிக்கு ஒருமுறை துண்டை மூடி அனுப்பு என்று பொருள். 5 நிமிடமும் அனுப்பும் சில நொடிகளும் சேர்ந்தாலும் 10 நிமிட ஆர்பிஓவுக்குள் வந்துவிடும்.

ஆர்டிஓவுக்கு முக்கியம், எங்கே ரீஸ்டோர் செய்கிறீர்கள் என்பது. சுருக்கிய முழு நகல் 130 ஜிபி. அதை பீன்யாவுக்கு இறக்கினால் 3 மணி நேரம்; அங்கேயே தோற்றுவிட்டீர்கள். அதே மும்பை கிளவுடில் ஒரு மெஷின் எழுப்பி, பக்கத்தில் உள்ள ஸ்டோரேஜிலிருந்து நொடிக்கு 200 எம்பி இழுத்தால் 11 நிமிடம். வால் துண்டுகள் அதிகபட்சம் ஒரு நாளினுடையவை, 1,280. ஒன்றை எடுக்க அரை நொடி என்றால் இன்னொரு 11 நிமிடம். இண்டெக்ஸ் கட்டும் வேலை கிடையாது, அது நகலிலேயே இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன அதே 50 நிமிடத் தயக்கத்தையும், மெஷின் எழுப்பவும் சரிபார்க்கவும் அரை மணி நேரத்தையும் சேர்த்தாலும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிடலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. ஃபைல் நகல் அதே போஸ்ட்கிரெஸ் மேஜர் வெர்ஷனில்தான் ஓடும். லினக்ஸும் அதே வெளியீடாக இருக்கட்டும். லினக்ஸோடு வரும் `glibc` மாறினால் எழுத்துகளின் அகரவரிசை மாறக்கூடும். பழைய வரிசைப்படி கட்டிய இண்டெக்ஸில் இருக்கிற வாடிக்கையாளரைத் தேடினால் 'இல்லை' என்று வரும். எர்ரர் எதுவும் காட்டாது என்பதுதான் இதில் பயம்.

வாரத்துக்கு ஒரு முழு பேக்கப், மீதி நாள் வால் மட்டும்னு வச்சா செலவு குறையுமே?

ஸ்டோரேஜ் செலவு குறையும், ஆர்டிஓ ஏறும். ஞாயிறு இரவு முழு நகல் எடுத்து, சனிக்கிழமை சர்வர் போனால் ஆறு நாள் வால், சுமார் 7,700 துண்டுகள். அரை நொடி வீதம் எடுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல். pgBackRest, WAL-G போன்ற கருவிகள் அடுத்த துண்டுகளை முன்கூட்டியே இழுத்து வைக்கும். ஆனாலும் போஸ்ட்கிரெஸ் அவற்றை ஒரே ப்ராசஸாக, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்டும். எட்டு கோர் கொடுத்தாலும் அது வேகமாகாது.

வால் ஆர்க்கைவ் ஓடிக்கிட்டே இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எர்ரர் வந்தா மெயில் வருமே?

வராமல் போன மெயிலை யாரும் கவனிப்பதில்லை. 2017 ஜனவரி 31-இல் கிட்லாபில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், `pg_dump` வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்கள் டிமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யார் கைக்கும் வரவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அது இருந்த டிஸ்க் மெதுவானது என்பதால் திரும்ப எழவே ஏறத்தாழ 18 மணி நேரம்.

அதனால் 'எர்ரர் வந்ததா' என்று பார்க்காதீர்கள். 'கடைசியாக வெற்றி எப்போது' என்று பாருங்கள்.

```
SELECT last_archived_wal, last_archived_time, failed_count
FROM pg_stat_archiver;
```

வியாபார நேரத்தில் `last_archived_time` 7 நிமிடத்துக்கு மேல் பழசானாலும், `last_archived_wal` இப்போது எழுதிக்கொண்டிருக்கும் துண்டைவிட மிகவும் பின்தங்கினாலும் போன் அடிக்கும்படி வையுங்கள். உங்கள் உண்மையான ஆர்பிஓ அந்த நொடியில் இன்னும் வெளியே போய்ச் சேராத அந்த இடைவெளிதான். இன்னொன்று: அனுப்ப முடியாத துண்டுகளை போஸ்ட்கிரெஸ் அழிக்காது, `pg_wal` டைரக்டரியில் சேர்த்துக்கொண்டே போகும். லைன் அறுந்து இரண்டு நாள் யாரும் பார்க்காவிட்டால் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸே நின்றுவிடும். பாதுகாப்புக்கு வைத்த ஏற்பாடே சர்வரைக் கொல்லும் வழி இது.

மாசக் கடைசியில மட்டும் அலாரம் அடிக்குது, அப்புறம் தானா சரியாயிடுது. விட்டுடலாமா?

விடக்கூடாது. மாதக் கடைசியில் ஸ்டாக் மதிப்பீடு, பெரிய அப்டேட், ரீஇண்டெக்ஸ் எல்லாம் ஓடும். ஒரு மணி நேரத்தில் 60 ஜிபி வால் உருவானால், நொடிக்கு 17 எம்பி. லைன் 12-தான். நொடிக்கு 5 எம்பி பாக்கி விழுந்து, மணி முடிவில் 18 ஜிபி அனுப்பப்படாமல் நிற்கும். அந்த நேரத்தில் சர்வர் போனால் 18 நிமிடத் தரவு போகும். 10 நிமிட இலக்கு மாதத்தில் மிக முக்கியமான நாளில் உடைகிறது. துண்டுகளைச் சுருக்கி அனுப்புங்கள், அல்லது அந்த வேலைகளை இரவு 10-க்கு மேல் தள்ளுங்கள். இரண்டும் முடியாதென்றால், அன்று ஆர்பிஓ 20 நிமிடம் என்று முதலாளியிடம் சொல்லி எழுதி வாங்கிவிடுங்கள்.

எங்ககிட்ட லைவ் ரெப்ளிகா இருக்கு, ஒரு செகண்ட் லேக்தான். இன்னும் எதுக்கு பேக்கப்?

ரெப்ளிகா மெஷின் சாவுக்கு மருந்து. மனிதத் தவறுக்கு இல்லை. 11:42-க்கு ஒருவர் விலைப் பட்டியலில் `WHERE` போடாமல் `UPDATE` கொடுத்தால், 11:42 முடிவதற்குள் ரெப்ளிகாவிலும் எல்லா மருந்துக்கும் ஒரே விலைதான். ஆக, ஒரே டேட்டாபேஸுக்கு இரண்டு ஆர்பிஓ எழுத வேண்டியிருக்கிறது: மெஷின் போனால் ஒன்று, தரவு கெட்டால் ஒன்று.

கெட்டது 1:10-க்குத்தான் தெரிய வருகிறது என்று வையுங்கள். மொத்த டேட்டாபேஸையும் 11:41-க்குப் பின்னோக்கித் தள்ளினால் விலை சரியாகும், ஆனால் அதற்குப் பின் போட்ட சுமார் 600 பில்கள் போய்விடும். அதனால் லைவ் சர்வரைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு மெஷினில் நேற்றிரவு நகலை இறக்கி, `recovery.signal` என்ற காலி ஃபைலை வைத்து, 11:41 வரை மட்டும் ஓட்டுங்கள்.

```
restore_command = 'wal-g wal-fetch %f %p'
recovery_target_time = '2025-03-14 11:41:00+05:30'
recovery_target_action = 'pause'
```

அங்கிருந்து விலைப் பட்டியலை மட்டும் எடுத்து லைவுக்குக் கொண்டு வாருங்கள். 11:42 முதல் தவறான விலையில் போன பில்களைக் கணக்கர் தனியாகத் திருத்தட்டும். `+05:30` என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கிளவுட் மெஷின்கள் பெரும்பாலும் யுடிசியில்தான் இருக்கும். எழுதாவிட்டால் 11:41 யுடிசி, அதாவது நம் மாலை 5:11 என்று எடுத்துக்கொள்ளும். `pause` நல்லது: நின்ற இடத்தில் தரவைப் படித்துப் பார்த்து, சரியென்றால் மட்டும் மேலே போகலாம்.

சரி, ரெப்ளிகா எப்போ தேவை?

ஆர்டிஓ ஒரு மணி நேரத்துக்குக் கீழே இறங்கும்போது. மும்பையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாண்ட்பை ஒன்று இருந்தால் `SELECT pg_promote();` கொடுத்த சில நொடிகளில் அது மெயின் ஆகிவிடும். மாத வாடகை கூடும். நேரம் மிச்சமாவது நகல் இறக்கும் பகுதியில் மட்டும்தான். கண்டுபிடிப்பதும் முடிவெடுப்பதும் அப்படியே இருக்கும்.

அப்ளிகேஷன் புது இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்து இடத்தில் ஐபி முகவரி எழுதி வைத்திருந்தால் அதைத் தேடி மாற்றவே முக்கால் மணி நேரம் போகும். கனெக்ஷன் வரியிலேயே இரண்டு பெயரையும் கொடுத்துவிடலாம்:

```
host=blr-db,mum-db target_session_attrs=read-write
```

எழுத முடிகிற சர்வர் எதுவோ அதோடு தானாகச் சேரும். அப்ளிகேஷன் பீன்யாவிலும் டேட்டாபேஸ் மும்பையிலும் இருந்தால் ஒரு பிரச்சினை வரும். ஒரு பில்லுக்கு 200 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் போய்வர 20 மில்லிநொடி என்றால் பில் ஒன்றுக்கு 4 நொடி. சிஸ்டம் எழுந்துவிட்டது என்று நீங்கள் சொல்வீர்கள், கவுன்டரில் இருப்பவர் இல்லை என்பார். அப்ளிகேஷனும் மும்பையில் எழ வேண்டும்.

அதை ஆட்டோமேட்டிக்கா வச்சிடலாமே? ராத்திரி 3 மணிக்கு யார் எழுந்து பார்க்கறது?

இரண்டே சர்வர் இருக்கும்போது, மும்பைக்கு பீன்யா தெரியவில்லை என்றால் பீன்யா செத்ததா, நடுவில் லைன் அறுந்ததா என்று அதற்குத் தெரிய வழியில்லை. தானாக மெயின் ஆகிவிட்டால், பீன்யாவிலும் பில் ஓடும், மும்பையிலும் ஓடும். இரண்டு உண்மைகள். பிறகு அவற்றைச் சேர்ப்பது நரகம். அதனால்தான் பட்ரோனி போன்ற கருவிகள் மூன்று இடங்களில் வாக்கெடுத்து, பெரும்பான்மை இருந்தால்தான் மாறும்.

பெரும்பான்மை இருந்தாலும் சிக்கல் வரலாம். 2018 அக்டோபர் 21-இல் கிட்ஹப்பில் நெட்வொர்க் 43 நொடி அறுந்தது. அவர்களுடைய மைஎஸ்கியூஎல் தானாக அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு மாறியது. கிழக்குக் கரையில் அதற்குள் எழுதியிருந்த சில பதிவுகள் மேற்கே போய்ச் சேரவில்லை. அப்ளிகேஷன்களோ கிழக்கே இருந்தன. சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. நம் வியாபாரிக்கு ஆர்டிஓ 2 மணி நேரம். மனிதர் ஒருவர் 15 நிமிடம் பார்த்து, பழைய சர்வரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்ற அதில் இடம் இருக்கிறது. அந்த இடம் இருக்கும்வரை நான் ஆட்டோமேட்டிக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். இரவு 3 மணிக்கு அவரிடம் வியாபாரமே இல்லை, யாரும் எழ வேண்டாம்.

நிஜமாவே ஒரு பில்கூட போகக்கூடாதுன்னா?

சின்க்ரனஸ் ரெப்ளிகேஷன். ஸ்டாண்ட்பை 'எழுதிவிட்டேன்' என்று சொன்ன பிறகே `COMMIT` முடியும். அதை மும்பைக்கு வைத்தால் தூரம் குறுக்கே வரும். நேர்க்கோட்டிலேயே சுமார் 850 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்வர 8 மில்லிநொடிக்கு மேல், கேபிள் நேராகப் போவதில்லை என்பதால் உண்மையில் 20 பக்கம். ஒவ்வொரு பில்லும் அவ்வளவு காத்திருக்கும். அது தாங்கும் என்றே வைத்தாலும், லைன் அறுந்தால் எல்லா `COMMIT`டும் அப்படியே தொங்கும். ஆர்பிஓவைப் பூஜ்யமாக்கப் போய் ஆர்டிஓவைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

கட்டாயம் வேண்டும் என்றால், பெங்களூருக்குள்ளேயே வேறு கட்டடங்களில் இரண்டு ஸ்டாண்ட்பை வைத்து, `synchronous_standby_names`-இல் `ANY 1 (s1, s2)` என்று எழுதுங்கள். ஒன்று போனாலும் வேலை நிற்காது. மும்பை வழக்கம்போல அசின்க்ரனஸாகப் பின்தொடரட்டும். இது எதுவும் அந்த 11:42 அப்டேட்டிலிருந்து காப்பாற்றாது.

ரெக்கவர் ஆயாச்சு, 5 நிமிஷ பில் மட்டும் போச்சு. அடுத்து அப்படியே பில் போட ஆரம்பிக்கலாமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் டேட்டாபேஸ் மறந்த பில்லை வெளியுலகம் மறக்கவில்லை. 11:00-க்கு முன் போட்ட அந்த 30-சொச்சம் பில்களில் சிலவற்றுக்கு இ-இன்வாய்ஸ் போர்ட்டல் ஐஆர்என் கொடுத்துவிட்டது, சரக்கு வண்டியில் ஏறிவிட்டது, யுபிஐ பணமும் வந்துவிட்டது. டேட்டாபேஸோ பழைய எண்ணிலிருந்து தொடர்ந்து, அதே பில் எண்களை வேறு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும். ஐஆர்என் என்பது விற்பவரின் ஜிஎஸ்டிஐஎன், ஆவண வகை, எண், நிதியாண்டு இவற்றிலிருந்து உருவாவது. அதனால் போர்ட்டல் அவற்றை டூப்ளிகேட் என்று திருப்பி அனுப்பும். போர்ட்டலுக்குப் போகாத சில்லறை பில்களிலோ இரட்டை எண் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும்.

ஜிஎஸ்டி விதி ஒன்றுக்கு மேற்பட்ட பில் வரிசைகளை அனுமதிக்கிறது. அதனால் ரெக்கவரி ஆனதும், முதல் பில்லுக்கு முன், புது முன்னெழுத்தோடு புது வரிசை தொடங்கிவிடுங்கள். பழைய வரிசையில் காணாமல் போனவற்றை போர்ட்டல், வங்கி அறிக்கை, அச்சடித்த சலான் மூன்றையும் வைத்து அதே பழைய எண்ணில் திரும்ப ஏற்றுங்கள். ஆர்பிஓ 10 நிமிடம் என்று ஒத்துக்கொண்ட அன்றே இதற்கான படிவத்தையும், யார் உட்கார்ந்து அடிப்பார் என்பதையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

எல்லாத்தையும் கிளவுட் மேனேஜ்டு டேட்டாபேஸுக்கு மாத்திட்டா இந்தத் தலைவலி போயிடுமா?

பாதி போகும். அமேசான் ஆர்டிஎஸ்ஸின் மல்டி-ஏஇசட் மும்பை ரீஜனுக்குள்ளேயே இரண்டாவது நகலை சின்க்ரனஸாக வைத்து, வழக்கமாக 60 முதல் 120 நொடிக்குள் மாறிவிடும். மெஷின் சாவுக்கு அது போதும். ஆனால் தவறான அப்டேட்டுக்கு அங்கேயும் பழைய நேரத்துக்கு ரீஸ்டோர்தான். அது இருக்கும் டேட்டாபேஸைத் திருத்தாது, புது பெயரில் புது டேட்டாபேஸ் எழுப்பும். திரும்பப் போகக்கூடிய கடைசி நேரமும் சுமார் 5 நிமிடம் பின்னால் இருக்கும். எழுந்த புதிதில் வட்டு மெதுவாக இருக்கும். தரவு தேவைப்படும்போதுதான் ஸ்டோரேஜிலிருந்து வந்து சேரும். 'அவைலபிள்' என்று திரை காட்டும் நேரத்தை ஆர்டிஓவாக எழுதாதீர்கள், முதல் ரிப்போர்ட் வழக்கமான வேகத்தில் ஓடிய நேரத்தை எழுதுங்கள்.

மும்பைக்கு மாறிட்டோம். பீன்யா சர்வர் ரிப்பேர் ஆயிடுச்சு. எப்போ திரும்பறது?

அவசரம் வேண்டாம். பழைய சர்வரை ஆன் செய்யும் முன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். இல்லையென்றால் மேலே எழுதிய அந்த இரு பெயர் கனெக்ஷன் வரி அதையும் 'எழுத முடிகிற சர்வர்' என்று பிடித்துக்கொள்ளும். சாகும் முன் அதில் ஏறி, மும்பைக்குப் போய்ச் சேராத பில்கள் இருக்கக்கூடும். முதலில் அவற்றைப் படித்து எடுத்து வையுங்கள், போன பில்களைத் திரும்ப ஏற்றும் வேலையில் பாதி அங்கேயே முடியும். அப்புறம் அதில் போஸ்ட்கிரெஸை முறையாக நிறுத்திவிட்டு, கேபிளை மாட்டி, `-R` கொடுத்து `pg_rewind` ஓட்டினால், இரண்டும் பிரிந்த இடத்திலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் மும்பையிலிருந்து இழுத்து, பழையது ஸ்டாண்ட்பையாக உட்காரும். அதற்கு `wal_log_hints` அல்லது டேட்டா செக்சம் முன்பே ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் சுருக்கி அனுப்பினாலும் 130 ஜிபி, அதே லைனில் 3 மணி நேரம்.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பில் ஓடாத நேரத்தில், அமைதியாகத் திரும்புங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். எக்செலில் எழுத வேண்டிய ஆர்டிஓ அந்த எண்ணோடு, பகல் நேரத்துத் தயக்கத்துக்கு ஒரு முக்கால் மணி நேரம் சேர்த்தது.